மஞ்சளாகத் தெரிந்தால் கவுட் ஆகிவிடாது: மூட்டுத் திரவத்தில் படிகம் தேடும்போது நடக்கும் தவறுகள்

முழங்கால் வீங்கி வந்த எழுபது வயதுப் பெண்ணிடமிருந்து மூன்று மில்லி கலங்கலான திரவம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருவ ஒளியில் பார்த்தவர் கண்ணில் மஞ்சள் நிறக் குச்சி ஒன்று படுகிறது. ‘யூரேட் படிகம், கவுட்’ என்று எழுதிவிடுகிறார். இந்த ஆய்வில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். நிறத்தை மட்டும் பார்த்தார், குச்சி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

சிவப்புக் காம்பன்சேட்டரைச் செருகியதும் பின்னணி முழுவதும் மெஜந்தா நிறமாகும். காம்பன்சேட்டரின் சட்டத்தில் ஓர் அம்புக்குறியோ காமா எழுத்தோ இருக்கும். அதுதான் மெதுவான அச்சின் திசை. யூரேட் படிகத்தின் நீளவாட்டம் அந்த அச்சுக்கு இணையாக இருந்தால் மஞ்சள், குறுக்காக இருந்தால் நீலம். கால்சியம் பைரோபாஸ்பேட்டுக்கு, அதாவது சூடோகவுட்டுக்கு, இது அப்படியே தலைகீழ்: இணையாக இருந்தால் நீலம், குறுக்கே மஞ்சள். ஆக, மஞ்சள் குச்சி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

நம் உதாரணத்தில் குச்சி அச்சுக்குக் குறுக்கே கிடந்தது. மேடையை 90 பாகை திருப்பியிருந்தால் அது நீலமாகியிருக்கும். அப்போதே விடை சூடோகவுட் பக்கம் சாய்ந்திருக்கும். யூரேட் என்றால் இணையாக வந்ததும் பளீரென்ற மஞ்சளாகும். திருப்பும்போது 45 பாகையில் படிகம் பின்னணியோடு கலந்து மறைவது இயல்பு. படிகம் தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சுழலும் மேடை இல்லாத நுண்ணோக்கி என்றால் வெவ்வேறு திசையில் கிடக்கும் நாலைந்து படிகங்களை ஒப்பிட்டாலும் போதும். அச்சு எது என்று சந்தேகமிருந்தால், கவுட் நோயாளியின் டோஃபஸ் கட்டியிலிருந்து சுரண்டி எடுத்த யூரேட்டை ஒரு ஸ்லைடில் வைத்துச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது தவறு இதைவிடச் சத்தமில்லாதது. இருண்ட புலத்தில் ஜொலிப்பவற்றை மட்டும் தேடுவது. யூரேட் ஊசி போல நீண்டு, இருட்டில் கண்ணைப் பறிக்கும். அதைத் தவறவிடுவது கடினம். கால்சியம் பைரோபாஸ்பேட் அப்படியல்ல. பெரும்பாலும் சாய்சதுரமாகவோ குட்டைக் குச்சியாகவோ இருக்கும், மங்கலாகவே ஒளிரும், பல படிகங்கள் ஒளிர்வதே இல்லை. அதனால் முதலில் சாதாரண ஒளியில், கண்டென்சரைச் சற்றுத் தாழ்த்தி, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வடிவத்தைத் தேட வேண்டும். வெள்ளணுக்களின் உள்ளே கூர்மையான மூலைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகுதான் துருவ ஒளி. தலைகீழாகச் செய்பவர்களின் அறிக்கையில் ‘படிகம் இல்லை’ என்ற வரி தேவைக்கு மேல் வரும்.

படிகமே இல்லாமல் படிகம் தெரிவதும் உண்டு. திரவம் உறையாமலிருக்கச் சேர்க்கும் லித்தியம் ஹெப்பாரின், பொடியாக உள்ள இடிடிஏ, ஆக்சலேட் ஆகியவை குழாயிலேயே படிகங்களை உண்டாக்கி ஏமாற்றும். சோடியம் ஹெப்பாரினோ திரவ இடிடிஏவோ போதும். மூட்டுக்குள் சில வாரங்களுக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதன் துகள்களும் பிரகாசமாக ஒளிரும். ஊசி போட்ட விவரம் கோரிக்கைப் படிவத்தில் இல்லையென்றால் அனுப்பிய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கையுறைப் பொடி சிலுவை போன்ற வடிவம் காட்டும், தூசி ஒழுங்கற்றுக் கிடக்கும். ஸ்லைடையும் கவர் ஸ்லிப்பையும் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைக்கும் அரை நிமிடம் இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்க்கும். அணுக்களின் உள்ளே இருக்கிறதா என்பது இங்கேயும் நல்ல வடிகட்டி, ஆனால் ஸ்டீராய்டுத் துகளையும் அணுக்கள் விழுங்கும்.

திரவத்தை நாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். நேரம் போகப்போக அணுக்கள் சிதையும், கால்சியம் பைரோபாஸ்பேட் கரைந்து குறையலாம், புதிய போலிப் படிகங்களும் உருவாகலாம். வெள்ளணு எண்ணிக்கைக்கு அசெட்டிக் அமிலம் கலந்த வழக்கமான நீர்ப்பியைச் சேர்த்தால் ஹயலுரோனேட் உறைந்து கட்டியாகும், சலைன்தான் சரி.

படிகம் கிடைத்ததும் கல்ச்சரை நிறுத்திவிடுவதுதான் நோயாளிக்கு மிகவும் ஆபத்தான தவறு. சீழ் மூட்டும் கவுட்டும் ஒரே முழங்காலில் சேர்ந்தே வரலாம். திரவம் குறைவாக இருந்தால் கிருமி ஆய்வுக்கு முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். படிகத்துக்கு ஊசியின் முனையில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு போதும். அதை ஸ்லைடில் தட்டி, கவர் ஸ்லிப் போட்டு, உடனே பாருங்கள்.