வீட்டு டீப் கிளீனிங்: கணக்கு மணியில், விலை அறையில்

டீப் கிளீனிங்குக்கு விலை சொல்லும்போது மணிக்கணக்கை உங்கள் நோட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; வாடிக்கையாளரிடம் அறைவாரியாகச் சொல்லுங்கள். சமையலறையையும் பாத்ரூமையும் மற்ற அறைகளோடு ஒரே விலையில் சேர்க்காதீர்கள்.

உதாரணமாக, இரண்டு படுக்கையறை வீடு. சமையலறைக்கு ஓர் ஆளுக்கு 4 மணி நேரம், இரண்டு பாத்ரூமுக்கும் தலா 2, ஹாலுக்கு 2, படுக்கையறைக்குத் தலா ஒன்றரை என்று வைத்தால் மொத்தம் 13 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய் என்றால் 3,250. போக்குவரத்துக்கும் லிக்விடுக்கும் 450 சேர்த்தால் 3,700.

நேரத்தை விழுங்குவது சதுர அடி அல்ல, அடுப்புக்குப் பின்சுவரின் எண்ணெய்ப் பிசுக்கும் குழாயடியின் உப்புக்கறையும்தான். வெளிப்படையாக மணிக்கணக்கில் வாங்கினால் வேகமாக முடிக்கிறவருக்குத்தான் நஷ்டம். வாடிக்கையாளரின் கண்ணும் கடிகாரத்திலேயே இருக்கும். வீட்டுக்கு மொத்தமாக ஒரே விலை பேசினாலோ, 'அப்படியே பால்கனியும்' என்பார்கள். அறைவாரி விலையில் பால்கனி தனி வரியாக வந்துவிடும். விலை சொல்லுமுன் சிம்னி ஃபில்டர், குழாயடி இரண்டையும் போட்டோ கேட்டு வாங்குங்கள். பாத்ரூம் தரை மார்பிள் என்றால் நேரத்தைக் கூட்டிப் போடுங்கள். ஆசிட் பட்டால் மார்பிள் அரித்து மங்கிவிடும், கையால்தான் தேய்க்க வேண்டும்.

பெயின்ட் அடித்து முடித்த வீட்டுக்கும் வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் அறைவாரி விலை ஒத்துவராது. தரையில் காய்ந்த பெயின்ட் சொட்டு எத்தனை என்று போட்டோவில் தெரியாது. அங்கே மணிக்கணக்கே சரி, ஆனால் அதிகபட்சத் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் போகும் வீடென்றால் ஒரு தடவைக்கு இவ்வளவு என்பதே போதும், அழுக்கின் அளவு ஏற்கெனவே தெரிந்ததுதானே.