எட்டாம் வகுப்புக் கட்டுரையை நான்கு பாடவேளைகளில் எழுதவைப்பது எப்படி?

கரும்பலகையில் தலைப்பையும் குறிப்புச்சட்டகத்தையும் எழுதிப் போட்டுவிட்டு, "நாளை எழுதி வாருங்கள்" என்று சொல்லிப் பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். மறுநாள் நாற்பது நோட்டுகள் வரும். இரவெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, பத்துக்கு ஆறு போடுவேன். பிள்ளை அந்த ஆறை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். அடுத்த கட்டுரையிலும் அதே ஒற்றுப்பிழை இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை கட்டுரை முடிந்துபோன பிறகுதான் என் திருத்தம் போய்ச் சேர்ந்தது.

இப்போது பருவத்துக்கு இரண்டு கட்டுரைகளை மட்டும் கீழே சொல்லும் முறையில் எழுதவைக்கிறேன். எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடைக்காது. "நான் கண்ட சந்தை" என்ற தலைப்பை வைத்துச் சொல்கிறேன்.

முதல் பாடவேளை: திட்டமிடல்

குறிப்புச்சட்டகத்தை நீங்கள் தராதீர்கள். தந்தால் நாற்பது கட்டுரைகளும் ஒரே கட்டுரையாக வரும். சந்தையில் கண்டது, கேட்டது, முகர்ந்தது என்று பத்துச் சொற்களையாவது எழுதச் சொல்லுங்கள். பிறகு அதில் மூன்றை மட்டும் வட்டமிட்டு, எது முதலில், எது கடைசியில் என்று எண் போடட்டும். இருபது நிமிடம் போதும்.

இரண்டாம் பாடவேளை: முதல் வரைவு

வலப்பக்கத்தில் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும். இடப்பக்கம் பிறகு சேர்ப்பதற்கான இடம். அழிப்பானைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிடுங்கள். தவறினால் அடித்துவிட்டு எழுதலாம். எழுத்துப்பிழையை நீங்களும் இப்போது கண்டுகொள்ளக் கூடாது. எழுதும்போதே திட்டம் மாறினால் மாறட்டும். 1971இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் எமிக், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேரை, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவைத்துப் பார்த்தார். எழுதுவது வரிசை பிசகாமல் நடக்கும் காரியமல்ல, முன்னும் பின்னும் போய்வருவது என்று அதில் தெரிந்தது.

மூன்றாம் பாடவேளை: திருத்தி எழுதுதல்

கடினமான கட்டம் இதுதான். ஒரு மாணவியின் வரைவு இப்படி இருந்தது:

"சந்தையில் நிறைய கடைகள் இருந்தது. அம்மா தக்காளி வாங்கினார். கடைகாரர் கோபமாக பேசினார். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது."

பிழைகள் கண்ணைக் குத்துகின்றன அல்லவா? பேனாவைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழி இதை உரக்க வாசித்து, "எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை?", "எங்கே புரியவில்லை?" என்ற இரண்டுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தோழி கேட்டது: "கடைகாரர் ஏன் கோபப்பட்டார்?" இடப்பக்கத்தில் இது வந்து சேர்ந்தது:

"அம்மா ஒவ்வொரு தக்காளியாக அமுக்கி பார்த்தார். 'அமுக்கிவிட்டு வைத்தால் யார் வாங்குவார்கள்?' என்று கடைகாரர் கேட்டார். இரண்டு தக்காளிகள் உருண்டு கீழே விழுந்தது."

"மகிழ்ச்சியாக இருந்தது" என்ற வரியை அவளே அடித்துவிட்டாள். நாற்பது பேரிடமும் ஒரே நாளில் உட்கார்ந்து பேச முடியாது. பாடவேளைக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளில் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

இந்தக் கட்டம் நடந்ததா என்று அறிய இரண்டு பிரதிகளையும் அருகருகே வையுங்கள். கையெழுத்து மட்டும் அழகாகியிருந்தால், நடந்தது படியெடுத்தல். பெரும்பாலும் வரைவிலேயே நாம் பிழைகளைச் சுழித்திருப்போம். பிள்ளை அதை மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைத்திருக்கும்.

நான்காம் பாடவேளை: பிழைநீக்கம்

இப்போது சிவப்பு மை வரலாம், ஆனால் சுழிக்க வேண்டாம். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பிழையைக் கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை. ஒரு வாசிப்பில் ஒரே வகையைத் தேடட்டும்: முதலில் வல்லினம் மிகும் இடங்கள், அடுத்து ர-ற, ல-ள-ழ, ன-ண, கடைசியாக எழுவாயும் பயனிலையும். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசித்தால் கதை இழுத்துக்கொண்டு போகாது. அந்த மாணவி "கடைக்காரர்", "அமுக்கிப்", "விழுந்தன" மூன்றையும் தானே பிடித்தாள். "நிறைய கடைகள் இருந்தது" என்ற வரிக்கு மட்டும் இரண்டாவது புள்ளி தேவைப்பட்டது.

மதிப்பெண்ணைப் பிரித்துவிடுங்கள். நான் பத்தில் திட்டத்துக்கு 1, வரைவுக்கும் இறுதிப் பிரதிக்கும் இடையே நடந்த மாற்றத்துக்கு 3, பிழைநீக்கத்துக்கு 2, இறுதிப் பிரதிக்கு 4 தருகிறேன். நான்கு நோட்டுப் பக்கங்களையும் சேர்த்து ஒப்படைத்தால்தான் மதிப்பெண்.

தேர்வறையில் இவ்வளவுக்கும் இடமில்லை. அங்கே ஐந்து நிமிடத் திட்டமும், எழுதி முடித்தபின் கீழிருந்து மேலாக ஒரு வாசிப்பும்தான் கைகொடுக்கும். இரண்டையும் கடிகாரம் வைத்துத் தனியே பழக்குகிறேன்.