வண்டி உரசாமலே விரிசல் விட்ட சுவர்: இன்சூரன்ஸ் கிடைத்த கதை

வேலூரில் என் கடைக்கு முன்னால் ரோடு போட்டார்கள். ரோலர் ஓடிய அதிர்வில் பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. பாலிசியில் 'சாலை வாகனத்தின் மோதலால் சேதம்' என்ற பிரிவு உண்டு. ஆனால் வண்டி சுவரைத் தொடவில்லை, அதனால் மோதல் இல்லை என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள்.

போட்டோ, இன்ஜினியர் சான்றிதழ் எல்லாம் கொடுத்தும் பலனில்லை. விரிசலை அவர்கள் மறுக்கவே இல்லையே! சண்டை அந்த ஒரு வரியில்தான்.

தெரிந்த வக்கீல் அண்ணன் புஷ்பாலயா பிரிண்டர்ஸ் வழக்கைக் காட்டினார். அங்கேயும் சாலைப் பணி புல்டோசரின் அதிர்வுதான் சேதத்துக்குக் காரணம். வாசகம் இரண்டு அர்த்தம் தந்தால், அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

"முதல்ல 'நேரடித் தொடர்பால்'னு எங்கேயாவது இருக்கா பாருங்க," என்றார். பல பாலிசிகளில் அந்தச் சொல் இருக்கிறது. இருந்தால் வாசகம் தெளிவு, இந்த விதி உதவாது. என்னுடையதில் இல்லை.

அந்த வரியின் நகலையும் தீர்ப்பையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். அடுத்து, கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம் என்றிருந்தேன், அதற்குள் பணம் வந்துவிட்டது. பெரிய நிம்மதி.