தட்டினால் பணம் போவது எப்படி? கார்டையும் போனையும் வைத்து நீங்களே பார்க்கலாம்

சென்னை மெட்ரோவின் சிங்காரச் சென்னை கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்கு வளைகோடுகள் அச்சிட்ட எந்த வங்கி கார்டும் சரி. கூடவே, கார்டைத் தொட்டுப் படிக்கும் என்எஃப்சி வசதி உள்ள ஓர் ஆண்ட்ராய்டு போன். மெட்ரோ கேட்டிலும் கடை மெஷினிலும் அரை நொடிக்குள் நடந்து முடிவதை இவற்றைக் கொண்டு மேசையிலேயே நிதானமாகப் பார்க்கலாம்.

படி 1: போனின் சுருள் எங்கே இருக்கிறது?

போன் செட்டிங்ஸில் தேடல் பெட்டியில் `NFC` என்று தட்டி அதை ஆன் செய்யுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து `NFC Tools` செயலியை இறக்கித் திறந்து வைத்துக்கொண்டு, போனின் முதுகில் கார்டை மெல்ல நகர்த்துங்கள். பெரும்பாலும் கேமராவுக்குக் கீழே ஓரிடத்தில் போன் ஒலி எழுப்பும். கார்டோடு பேசும் கம்பிச் சுருள் அங்கேதான். கடையில் போனைத் தட்டியும் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தைத் தெரிந்துகொள்ளாதவர்கள் என்பது என் கணிப்பு. போன் பூட்டியிருந்தாலோ திரை அணைந்திருந்தாலோ அது கார்டைப் படிக்காது, அதையும் கவனியுங்கள்.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளும் அதோடு இணைந்த சிப்பும் மட்டுமே. போன் அல்லது ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலம் கார்டின் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சிப் உயிர் பெறுகிறது. பதில் சொல்ல கார்டு தனியாக அலை எதையும் அனுப்புவதில்லை. தான் இழுக்கும் மின்சாரத்தை வேகமாகக் கூட்டிக் குறைக்கிறது, அந்த ஏற்ற இறக்கத்தை ரீடர் தன் சுருளிலேயே உணர்ந்து படித்துக்கொள்கிறது.

படி 2: தூரத்தை அளந்து பாருங்கள்

கார்டுக்கும் போனுக்கும் இடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். காகிதம் தடுக்காது, படித்துவிடும். இன்னொன்று, மேலும் ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் சில சென்டிமீட்டரில் சட்டென்று நின்றுவிடும். அடுக்கை எடுத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை ஒரே மடிப்பு வைத்துப் பாருங்கள். ஒட்டி வைத்தாலும் படிக்காது, ஏனென்றால் உலோகத்தில் சுழலும் மின்சாரம் புலத்தையே அழித்துவிடுகிறது.

தூரம் கூடினால் புலம் ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ரீடரின் சுருள் 3 செ.மீ. ஆரம் கொண்ட வட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவிலிருந்து z தூரத்தில் புலம் இப்படிக் குறையும்:

```
(r² / (r² + z²))^1.5      r = 3
z = 4 :  (9/25)^1.5   ≈ 0.216
z = 10:  (9/109)^1.5  ≈ 0.024
z = 30:  (9/909)^1.5  ≈ 0.001
```

4 செ.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஒரு சாண் தூரத்தைத் தாண்டி 30 செ.மீ. போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கார்டுக்குக் கிடைக்கும் மின்திறனோ இதன் இருபடியில் குறையும், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சிப் விழிக்கவே அது போதாது. கார்டு கேட்காததால் அல்ல, அதற்கு உயிரே வராததால்தான் தூரத்தில் மௌனம். வானொலி அலை போலத் தூரத்துக்குப் பாய்வது இதன் வேலை அல்ல. கட்டண மெஷின்கள் பொதுவாக 4 செ.மீ. வரை படிக்கும்படிதான் செய்யப்படுகின்றன.

பெரிய சுருள், அதிக மின்சாரம் என்று முயன்றால் தூரத்தைக் கூட்டலாம்தான். 2006இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமே செய்த கருவியால் சுமார் 25 செ.மீ. வரை படித்துக் காட்டினார்கள். அதற்குச் செப்புக் குழாயில் பெரிய சுருளே தேவைப்பட்டது. பேருந்து நெரிசலில் யாரும் கவனிக்காமல் தூக்கித் திரியும் பொருள் அல்ல.

படி 3: கார்டிடம் நீங்களே கேளுங்கள்

`NFC Tools` செயலியில் `Other` பகுதியில் `Advanced NFC commands` இருக்கும். அதில் `IsoDep` வகையைத் தேர்ந்து, இந்த வரியை இட்டு, கார்டைத் தொடுங்கள்:

```
00 A4 04 00 0E 32 50 41 59 2E 53 59 53 2E 44 44 46 30 31 00
```

எந்தக் கட்டண மெஷினும் முதலில் கேட்கும் கேள்வி இது: “உன்னிடம் என்னென்ன கட்டண வசதிகள் இருக்கின்றன?” பதில் `90 00` என்று முடிந்தால் கார்டு ஒப்புக்கொண்டது என்று பொருள். நடுவில் `A0 00 00 05 24` என்று தொடங்கும் எண் தெரிந்தால் அது ரூபே. `A0 00 00 00 03` விசா, `A0 00 00 00 04` மாஸ்டர்கார்டு. இந்தக் கேள்வியால் பணம் எதுவும் போகாது. ஆனால் தொடர்ந்து கேட்டால் பல கார்டுகள் தம் எண்ணையும் காலாவதி தேதியையும் சொல்லிவிடும், ஆகவே பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

இதற்குப் பின்னால்தான் பணம் சார்ந்த வேலை. மெஷின் தொகை, தேதி, ஒரு தற்செயல் எண் ஆகியவற்றைக் கொடுக்கும். சிப் தன்னுள்ளேயே கிடக்கும் ரகசியச் சாவியையும், ஒவ்வொரு தட்டலுக்கும் ஒன்று கூடும் எண்ணியையும் சேர்த்து 8 பைட் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டுத் தரும். சாவி வெளியே வராது. இந்த உரையாடலை ஒருவர் முழுவதுமாகப் பதிவு செய்தாலும், அடுத்த மெஷின் வேறு தற்செயல் எண் கேட்கும்போது பழைய குறியீடு செல்லாது.

படி 4: மெட்ரோ கேட்டில் ஒரு பயணம்

நுழைவு கேட் வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, பின்னால் வரிசை நிற்கும். அதனால் 2023இல் வந்த சிங்காரச் சென்னை போன்ற தேசிய பொதுப் பயண கார்டுகளில் இருப்புத் தொகை சிப்பிலேயே இருக்கிறது. நுழையும்போது எந்த நிலையம் என்று சிப்பில் எழுதப்படும், வெளியேறும் கேட் அதைப் படித்துக் கட்டணத்தைக் கழிக்கும். 2025 தொடக்கம் முதல் மாநகரப் பேருந்துகளிலும் இதே கார்டு செல்கிறது.

புதியவர்கள் தடுமாறும் இடம் இங்கேதான். ஆன்லைனில் 500 ரூபாய் ஏற்றியிருப்பார்கள், கேட்டோ இருப்பு இல்லை என்று சிவப்பு காட்டும். பணம் வங்கியின் கணக்கில் வந்துவிட்டது, சிப்பில் இன்னும் எழுதப்படவில்லை. நிலையக் கவுண்டரிலோ அங்குள்ள கருவியிலோ கார்டை ஒருமுறை வைத்து இருப்பைப் புதுப்பிக்க வேண்டும். பர்ஸோடு தட்டினால் மறுப்பது வேறு சிக்கல்: உள்ளே இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் விழித்தால் மெஷின் எதையும் ஏற்காது. ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள்.

படி 5: குறுகிய தூரம் காப்பாற்றாத இடம்

கடையில் பின் எண் இல்லாமல் தட்டும் வரம்பு 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய். வங்கிச் செயலியில் அதைக் குறைத்துக்கொள்ளவோ தட்டும் வசதியையே அணைக்கவோ முடியும். நெரிசலில் யாரோ மெஷினைப் பையில் உரசிப் பணம் எடுப்பார்கள் என்ற பயத்துக்குப் பெரிய காரணம் இல்லை. மெஷின் ஒரு வணிகரின் பெயரில் பதிவானது, பணம் அவர் கணக்குக்கே போகும், ஆளைப் பிடித்துவிடலாம். கார்டைப் படிக்கவிடாமல் தடுக்கும் பர்ஸ் வாங்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

உண்மையான ஓட்டை, தூரத்தை ஏமாற்றுவதில் இருக்கிறது. ஒரு போன் உங்கள் கார்டைத் தொட்டு, அது சொல்வதை இணையம் வழியாக இன்னொரு போனுக்கு அனுப்ப, அந்தப் போன் தொலைவில் உள்ள மெஷினைத் தொட்டால், இரண்டு பக்கமும் 4 செ.மீ. விதி மீறப்படுவதில்லை. 2024இல் செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களை ‘என்கேட்’ என்ற ஆண்ட்ராய்டு தீங்குநிரல் இப்படித்தான் ஏமாற்றியதை ஈஸெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. வங்கி ஊழியர் போலப் பேசி செயலியை நிறுவச் சொல்வார்கள், கார்டைப் போனின் முதுகில் வைத்துப் பின் எண்ணை அடிக்கச் சொல்வார்கள், எதிர்முனையில் ஏடிஎம்மில் பணம் எடுபடும்.

அதனால் யாராவது அழைத்து “கார்டை உங்கள் போனில் வையுங்கள் சார், சரிபார்க்கணும்” என்றால் அழைப்பைத் துண்டியுங்கள். அந்தச் செயலியை ஏற்கெனவே நிறுவியிருந்தால் முதலில் வங்கிச் செயலியில் கார்டை முடக்கிவிட்டு, பிறகு அதை நீக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள்.