ஸ்லைடு இல்லாத வகுப்பு வீடியோவுக்கு நேரக்குறிப்போடு நோட்ஸ் எடுப்பது

ஸ்லைடு இருந்தால் அதன் தலைப்புகளே நோட்ஸுக்குத் தலைப்பாகிவிடும். கரும்பலகை மட்டும் உள்ள வீடியோவில் ஒரு விஷயம் எங்கே தொடங்குகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிகழ்தகவு பற்றிய 50 நிமிட வகுப்பு ஒன்றுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

வீடியோவை VLC-யில் திறந்து, பக்கத்தில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். நோட்ஸுக்கென்றே இருக்கும் ஆப்கள் எனக்குப் பிடிப்பதில்லை; டெக்ஸ்ட் ஃபைல் எதிலும் திறக்கும், தேடவும் எளிது.

முதல் சுற்றில் 1.5 மடங்கு வேகத்தில் நிறுத்தாமல் கேளுங்கள். ஆசிரியர் பலகையை அழிக்கும்போதும், "சரி, இப்ப" என்று ஆரம்பிக்கும்போதும், "உதாரணத்துக்கு" என்னும்போதும் நேரத்தையும் மூன்று நான்கு சொற்களையும் மட்டும் எழுதுங்கள். இரண்டாவது சுற்றில் அந்த இடங்களில் மட்டும் நிறுத்தி விவரத்தை நிரப்புங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது சுற்றில்தான். ஆசிரியர் "பேயஸ் தேற்றம்" என்ற பெயரை 19:10-இல் சொன்னார். நானும் அதையே குறித்தேன். தேர்வுக்கு முன் அங்கே போய்ப் பார்த்தால் சூத்திரம் மட்டும்தான் இருக்கிறது. அது புரிவதற்கான உதாரணத்தை 12:34-இலேயே பெயர் சொல்லாமல் தொடங்கிவிட்டார்: 1000 பேரில் 10 பேருக்கு நோய். சோதனை அந்த 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் தவறாக பாசிட்டிவ் காட்டுகிறது. பாசிட்டிவ் வந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான்.

பலகையில் பாடம் நடத்துபவர்கள் பலரும் இப்படி உதாரணத்தை முன்னால் வைத்து, பெயரைப் பின்னால் சொல்கிறார்கள். அதனால் புதுச் சொல் காதில் விழுந்ததும் பின்னோக்கிப் போய், அந்தக் கணக்கு தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். சொல்லின் வரியிலேயே அந்த நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்:

```
12:34  உதாரணம்: 1000 பேர், நோயாளிகள் 10
15:20  பாசிட்டிவ்: 9 + 99 = 108
17:45  9/108, சுமார் 8.3%  [படம்]
19:10  பேயஸ் தேற்றம் → 12:34
       பாசிட்டிவ் வந்தபின் நோய் இருக்கும்
       வாய்ப்பைக் கணக்கிடும் வழி
```

எண்களை முழுசாக எழுதுங்கள். "நோய் உதாரணம்" என்று மட்டும் எழுதினால் மறுபடி வீடியோவைத்தான் திறக்க வேண்டியிருக்கும். `[படம்]` என்பது பலகையின் ஸ்கிரீன்ஷாட். விண்டோஸ் VLC-யில் Shift+S அழுத்தினால் போதும். பலகையை அழிப்பதற்குச் சற்று முன், ஆசிரியர் விலகி நிற்கும் நொடியில் எடுங்கள். அப்போதுதான் கணக்கு முழுதாக இருக்கும்.

வீடியோ யூடியூபில் இருந்தால் நேரத்தை நொடியாக்கி இணைப்பின் கடைசியில் சேர்க்கலாம். 12:34 என்பது 754 நொடி, அதனால் `&t=754s`.

பின்சேர்க்கை: கல்லூரி வீடியோவின் முன்பகுதியை வெட்டி மறுபடி ஏற்றியதால் எல்லா நேரமும் தப்பாகிவிட்டது என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். ஒரு வரியைப் புது வீடியோவில் தேடிப் பாருங்கள். 12:34 இப்போது 10:24-இல் வந்தால் எல்லா நேரத்திலும் 2:10 கழிக்க வேண்டும். அப்புறம் கடைசி வரியையும் சரிபாருங்கள். அது பொருந்தவில்லை என்றால் நடுவிலும் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் பிறகு வரும் வரிகளுக்குத் தனியாகக் கழிக்க வேண்டும்.