பொண்ணு பார்த்த பிறகு முதல் மெசேஜ்

வீட்டில் பேசி நம்பர் வாங்கிக் கொடுத்தாயிற்று. இனி வெறும் "ஹாய்" அனுப்பாதீர்கள். தெரியாத எண்ணிலிருந்து அது வந்தால் பதில் வராது. யார், எங்கே பார்த்தோம், நம்பர் யார் கொடுத்தது என்பது முதல் வரியிலேயே தெரியட்டும். திருப்பூர்ப் பையன் ஒருவர் கோபியில் பார்த்த பெண்ணுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கங்க, நான் கார்த்தி. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்திருந்தோமுங்க. உங்க அப்பாதான் நம்பர் கொடுத்தாருங்க. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கறேன்னு சொன்னீங்க, எப்ப எக்ஸாமுங்க? நேரம் இருக்கறப்ப சொன்னாப் போதுமுங்க."

கூடத்தில் அவர் சொன்னதையே பிடித்துக் கேட்பதால் பதில் சொல்வது எளிது. சம்பளம், முன்பு வந்த வரன் ஏன் தட்டிப்போனது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். போட்டோவும் கேட்காதீர்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது அடுத்த மெசேஜ். ஜாதகம் பொருந்தி, பெரியவர்களுக்கும் பிடித்துவிட்டால், பெண்ணால் "வேண்டாம்" என்று வீட்டில் வாய்திறக்க முடியாமல் போகலாம். அதனால் இரண்டொரு நாள் பேசியதும், "உங்களுக்கு இஷ்டம் இல்லீன்னா எங்கிட்டயே சொல்லீருங்க. காரணம் கேக்க மாட்டேன், எங்க வீட்ல நானே சொல்லிக்கறேன்" என்று எழுதிவிடுங்கள். உறுதி வார்த்தைக்கு முன்பே எழுத வேண்டும். தட்டு மாற்றிய பிறகு எழுதிப் பயனில்லை.

பெண்களும் இதே மெசேஜை முதலில் அனுப்பலாம். பையனுக்கும் வீட்டு நெருக்கடி உண்டு. ஒற்றை வார்த்தைப் பதிலே தொடர்ந்து வந்தால், மெசேஜை நிறுத்திவிட்டு, வீட்டுக்குத் தெரிய ஒருமுறை போனில் பேசுங்கள்.