மைனஸ் மார்க்: எந்தக் கேள்வியை விடுவது, எதில் துணிவது?

“தெரியாத கேள்வியைத் தொடாதே, மைனஸ் போகும்” என்று சொல்லித்தான் பலரையும் தேர்வறைக்குள் அனுப்புகிறார்கள். இந்த அறிவுரை சில தேர்வுகளுக்குச் சரி, சிலவற்றுக்குத் தவறு. எது எதற்கு என்று பார்க்காமல் எல்லாத் தேர்விலும் ஒரே கொள்கையோடு உட்காருவதுதான் முதல் தவறு.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். சரியென்றால் 4, தவறென்றால் 1 கழிவு. இப்படி நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். 4 வந்து 3 போகும், மிச்சம் 1. அதாவது ஒன்றுமே தெரியாமல் போட்டால்கூட இங்கே நஷ்டமில்லை. சரிக்கு 3, தவறுக்கு 1 என்றால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். சரிக்கு 1, தவறுக்கும் 1 என்றால் நான்குக்கு 2 மதிப்பெண் கையை விட்டுப் போகும். அங்கே இரண்டு விடைகளைச் சரியாகவே நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டாலும் லாபம் பூஜ்யம்தான்.

ஆனால் சராசரி என்பது உறுதிமொழி அல்ல. சரிக்கு 4, தவறுக்கு 1 என்ற முறையில் 20 கேள்விகளைக் கண்மூடிப் போட்டால் சராசரி லாபம் 5. இருந்தாலும் ஐந்தில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகவே மொத்தம் மைனஸில் முடியும். அவ்வளவு சின்ன லாபத்துக்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உண்மையான மதிப்பெண் இருப்பது பாதி தெரிந்த கேள்விகளில். பெரும்பாலோர் சறுக்குவதும் அங்கேதான்.

ஒரு கேள்வி பாருங்கள். போகும்போது மணிக்கு 40 கி.மீ. வேகம், அதே வழியில் திரும்பும்போது 60. சராசரி வேகம் என்ன? விடைகள் 45, 48, 50, 52. இரண்டு விடைகளை நீக்கிவிட்டு 48, 50 இரண்டில் எது என்று யோசிப்பவர், வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று நினைக்கிறார். அப்படி இல்லை. 50 அங்கே சும்மா வரவில்லை, 40-ஐயும் 60-ஐயும் கூட்டி இரண்டால் வகுப்பவருக்காகவே வைக்கப்பட்ட பொறி அது. மெதுவாகப் போகும்போது அதிக நேரம் ஆவதால் சரியான விடை 48. பாதி தெரிந்தவரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியும்.

சரி, உங்கள் ‘இரண்டில் ஒன்று’ உண்மையில் எவ்வளவு பலிக்கிறது? மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: உறுதி என்றால் ‘உ’, இரண்டில் ஒன்று என்றால் ‘இ’, குத்துமதிப்பு என்றால் ‘கு’. விடை பார்த்த பிறகு போட்டால் மனம் ஏமாற்றிவிடும். பத்துக் கேள்விகளை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, நான்கைந்து தேர்வுகளாவது சேர வேண்டும்.

ஒருவருக்கு ‘இ’ 40 சேர்ந்து, அதில் 14 சரி, 26 தவறு என்று வைத்துக்கொள்வோம். பாதி பலிக்கும் என்று அவர் நினைத்திருந்தார், பலித்தது 35 சதவீதம். 4-க்கு 1 முறையில் 56 வந்து 26 போக, லாபம் 30. இவர் ‘இ’ கேள்விகளை விடவே கூடாது. 1-க்கு 1 முறையில் இதே ஆள் 12 மதிப்பெண் இழப்பார், அங்கே விட வேண்டும். அப்புறம் ‘உ’வைப் பாருங்கள். 300-ல் 27 தவறு என்றால், வர வேண்டிய 4 வராமல் 1-ம் போவதால் ஒவ்வொன்றிலும் 5 வீதம் 135 போயிருக்கிறது. மைனஸ் மார்க்கைக் குத்துமதிப்பில் தேடிக்கொண்டிருந்தவருக்கு, பெரிய ஓட்டை உறுதியாகப் போட்ட விடைகளில் இருக்கிறது. அலகைக் கவனிக்காதது, ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று படித்தது போன்றவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கேள்வியை விடுவது நேரத்தைப் பற்றிய முடிவும்கூட. நான்கு நிமிடம் போராடியும் வராத கேள்விக்கு, “இவ்வளவு நேரம் போட்டாச்சே” என்று ஏதோ ஒன்றைக் குறிப்பவர்கள் நிறைய. செலவான நேரத்தால் விடை சரியாகும் வாய்ப்பு கூடிவிடாது. முதல் சுற்றில் அரை நிமிடத்தில் வழி தெரியவில்லை என்றால் வினாத்தாளில் குறியிட்டு நகர்வது நல்லது. எந்த விடைகளை நீக்கினீர்கள் என்பதையும் அங்கேயே அடித்து வையுங்கள், இரண்டாம் சுற்றில் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்காது.

விடைத்தாளில் வட்டம் நிரப்பும் தேர்வு என்றால், விட்ட கேள்வியே வேறொரு விபத்துக்கு வழி செய்யும். 47-ஐ விட்டுவிட்டு 48-க்கான விடையை 47-ல் நிரப்பினால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு வரி தள்ளிப்போகும். கேள்வியை விட்ட உடனேயே விடைத்தாளில் அடுத்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.